ஒரே ஷட்டருக்குள் தையலும் மேட்சிங்கும்

கேள்வி: "கீழக்கரையில் 10க்கு 16 அடியில் லேடீஸ் டெய்லரிங் கடை வைத்திருக்கிறேன். வாடகை 8,000, அட்வான்ஸ் 60,000. எங்கள் தெரு ராத்தா ஒருவர் கடை முன்பக்கத்தில் பிளவுஸ் பிட், லைனிங், ஃபால்ஸ், லேஸ் எல்லாம் போட்டு மேட்சிங் கடை நடத்துகிறேன், வாடகையில் பாதி தருகிறேன் என்கிறார். அவர் வந்தால் எனக்கும் ஆள் வரும் என்று தோன்றுகிறது. சேர்த்துக்கொள்ளலாமா? ஓனரிடம் சொல்லியே ஆக வேண்டுமா?"

ஓனரிடம் சொல்லியே ஆக வேண்டும், அதுவும் எழுத்தில். அந்தப் பாதிக்குப் பதில் எளிது. சேர்த்துக்கொள்ளலாமா என்பதற்கு என் பதில் "சேர்க்கலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக வேண்டாம்" என்பது. நான் ராமநாதபுரத்தில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன், பத்தொன்பது வருடமாக. அதற்கு முன்னால் நானே ஒரு கடையை இன்னொருவருடன் பங்கு போட்டுச் சூடுபட்டிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிக் கீழே சொல்வது என் வேலைக்குத் தேவையான அளவில் தெரிந்துகொண்டது.

முதலில் ஆள் வருவதைப் பற்றி. தையல் கடைக்கும் மேட்சிங் கடைக்கும் பொருத்தம் என்பதில் சந்தேகமே இல்லை. மதுரை புதுமண்டபத்தில் பல காலம் நடந்தது அதுதான். துணி வாங்கின கையோடு பக்கத்திலேயே தைக்கக் கொடுத்துவிட்டு மற்ற சாமான் வாங்கப் போவார்கள். அதோடு தையல் கடைக்கு வேறு பல கடைகளுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. ஒரு பிளவுஸுக்கு ஒரு பெண் குறைந்தது இரண்டு முறை வருவார், அளவு கொடுக்க ஒரு முறை, வாங்க ஒரு முறை. கை இறுக்கம், பிரித்துக் கொடுங்கள் என்று மூன்றாவது முறையும் வருவார். ஒவ்வொரு முறையும் முன்பக்கத்து லேஸைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

ஆனால் இதில் யாருக்கு யார் ஆள் கொண்டுவருகிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் ராத்தாவுக்குக் கொண்டுவருவதுதான் அதிகம். பிளவுஸ் தைக்கக் கொடுக்கிறவருக்கு லைனிங் அன்றைக்கே வேண்டும். லைனிங் வாங்க வந்தவருக்கோ ஏற்கெனவே ஒரு டெய்லர் இருப்பார், அந்த டெய்லர்தான் "லைனிங் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பியிருப்பார். டெய்லரை மாற்றப் பெண்களுக்கு எளிதில் மனசு வராது. ஆகவே ராத்தா கடைக்குப் பத்துப் பேர் புதிதாக வந்தால் பத்தும் உங்களுக்கு ஆர்டராகும் என்று கணக்குப் போடாதீர்கள். உங்களுக்கு உறுதியாகக் கிடைப்பது வாடகையில் வரும் பங்கு, அப்புறம் லைனிங்குக்காக பஜாருக்குப் போன வாடிக்கையாளர் அங்கேயே வேறு டெய்லரிடம் கொடுத்துவிடாமல் இருப்பது. புது ஆர்டர் வந்தால் லாபம், வராவிட்டாலும் கையைக் கடிக்கக் கூடாது என்கிற அளவில் முடிவெடுங்கள்.

ராத்தாவின் பக்கம் கணக்கும் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் அவருக்குக் கட்டுப்படியாகாவிட்டால் ஆறாவது மாதம் வாடகை நிற்கும். உங்களுக்கு ஒரு நாளைக்கு நாலு ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டருக்குச் சராசரியாக நூறு ரூபாய்க்கு லைனிங், ஹூக், லேஸ், நூல் போகிறது. நாள் ஒன்றுக்கு 400, மாதம் 25 நாளைக்கு 10,000 ரூபாய் விற்பனை. நான் கணக்கு பார்க்கும் மேட்சிங் கடைகளில் கொள்முதல் போக நூற்றுக்கு 25 முதல் 30 வரை நிற்கிறது. அப்படியானால் உங்களால் அவருக்கு மிஞ்சுவது 2,500 முதல் 3,000 வரைதான். அவர் தரப்போகும் வாடகைப் பங்குக்கே இது போதாது. உங்கள் வாடிக்கையாளர்களை மட்டும் நம்பி அவர் கடை நிற்காது. தெருவில் போகிறவர்களும் வேறு டெய்லர்களின் வாடிக்கையாளர்களும் ஏறி வர வேண்டும். என்னுடைய நாலு ஆர்டர், நூறு ரூபாய் என்பது ஓர் உதாரணம். உங்கள் எண் என்ன என்று தெரிய ஒரு மாதம் நோட்டில் எழுதினால் போதும். வந்தவர் எத்தனை பேர், லைனிங்கும் லேஸும் வெளியே வாங்கி வந்தவர் எத்தனை பேர், எவ்வளவுக்கு வாங்கினார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நோட்டைக் காட்டிப் பேசினால் ராத்தாவும் ஆசைக் கணக்குப் போடாமல் சரக்கு எடுப்பார்.

அவர் சொல்லும் "பாதி வாடகை" பற்றி. பாதி என்பது கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் பின்னால் "முன்பக்கம் முழுக்க உன்னுடையது", "இடம் முழுக்க நீதானே அடைத்திருக்கிறாய்" என்ற சண்டை இங்கிருந்துதான் தொடங்கும். கடையில் முன்பக்கத்து ஒரு சதுர அடியும் பின்பக்கத்து ஒரு சதுர அடியும் ஒரே விலை இல்லை. நான் இப்படிச் செய்யச் சொல்வேன். வாசலில் இருந்து ஆறு அடி முன்பக்கம், மீதிப் பத்தடி பின்பக்கம். முன்பக்கத்து அடிக்கு இரண்டு மடங்கு மதிப்பு. நீங்கள் உள்ளே இருப்பதால் உங்கள் வாடிக்கையாளர் நடந்து வர மூன்று அடி அகலத்தில் வழி விட்டாக வேண்டும். அந்த வழி இருவருக்கும் பொது.

முன்பக்கம் மொத்தம் 60 சதுர அடி. அதில் வழி 18 போக ராத்தாவுக்கு 42. இரண்டு மடங்காக்கினால் 84. வழியின் மதிப்பு 36, அதில் பாதி 18 அவருக்கு. ஆக 102. உங்களுக்குப் பின்பக்கம் 100, வழியில் பாதி 18, ஆக 118. மொத்தம் 220 பங்குக்கு 8,000 ரூபாய் என்றால் அவருக்கு ஏறக்குறைய 3,700, உங்களுக்கு 4,300. அவர் சொன்ன பாதிக்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஆனாலும் இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டு வைத்துக்கொள்வது வேறு விஷயம். நாளைக்கு அவர் வழியில் ஒரு நைட்டி ஸ்டாண்டை இழுத்துப் போட்டால் "அந்த மூன்றடிக்கு நானும் காசு கொடுக்கிறேன்" என்று முகம் சுளிக்காமல் சொல்ல முடியும். மேட்சிங் கடை வளர்ந்தால் முதலில் விழுங்குவது அந்த வழியைத்தான். தரையில் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். முன்பக்கத்துக்கு இரண்டு மடங்கு என்பது என் அனுபவத்தில் இருவரும் ஒத்துக்கொண்ட விகிதம், சட்டம் எதுவும் இல்லை. உங்கள் கடை முக்கில் இருந்து இரண்டு பக்கம் வாசல் இருந்தால் கணக்கே மாறும்.

கரண்ட் பில்லை வாடகையோடு சேர்க்காதீர்கள். உங்கள் அயர்ன் பாக்ஸ்தான் கடையிலேயே பெரிய தீனிக்காரன். ஆயிரம் வாட் பெட்டி நாளைக்கு இரண்டு மணி நேரம் போட்டால், சூடு ஏறியதும் தானே அணைந்து எரிவதால் சுமார் ஒரு யூனிட் ஆகும். மெஷின் மோட்டாரெல்லாம் அதற்கு முன் ஒன்றுமில்லை. ராத்தாவுக்கு லைட்டும் ஃபேனும்தான், ஆனால் கலர் தெரிய வேண்டும் என்று காலை முதல் இரவு வரை நாலைந்து லைட் எரியும். கடை இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு வீதம், தாண்டினால் கூடுதல் வீதம். இதுவரை நீங்கள் உள்ளே நின்றிருந்தால், அவர் வந்ததும் தாண்டிவிடும், உங்கள் பழைய யூனிட்டுக்கும் விலை ஏறும். யார் தாண்ட வைத்தது என்று தேட வேண்டாம். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அவர் பக்கத்து ஒயருக்கு ஒரு சப் மீட்டர் போட்டு, வந்த பில்லை யூனிட் விகிதத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.

இனி ஓனர். கீழக்கரை நகராட்சி. நகரப் பகுதிகளில் வாடகை விஷயத்துக்குத் தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது, கடைக்கும் பொருந்தும். அதன்படி ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கடையின் ஒரு பகுதியைக்கூட இன்னொருவர் கையில் விட்டால், அந்த ஒரு காரணத்துக்காகவே உங்களைக் காலி செய்யச் சொல்லி அவர் மனுப் போடலாம். இது உறுதியான விஷயம். "ஓனர் தினமும் அந்தப் பக்கம் போகிறார், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், ஒன்றும் சொல்லவில்லை" என்பது எழுத்துப்பூர்வ சம்மதம் ஆகாது. இன்றைக்கு நல்லவராக இருக்கிற ஓனர் நாளைக்குக் கடையை மகனுக்கு எழுதி வைத்தால், வளைகுடாவில் இருந்து வந்த மகனுக்கு அந்தப் புன்னகை எல்லாம் தெரியாது.

உறுதி இல்லாதது என்னவென்றால், ராத்தாவுக்கு நீங்கள் கொடுப்பது உள்வாடகையா, வெறும் இட அனுமதியா என்பது. அனுமதிதான், உள்வாடகை இல்லை என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். தலைப்பில் என்ன எழுதினோம் என்பதை மட்டும் பார்த்துக் கோர்ட் முடிவு செய்வதில்லை. அந்த இடம் அவர் கைவசம் தனியாக இருந்ததா, தனிப் பூட்டு போட்டாரா, நீங்கள் நினைத்தபோது அங்கே போக முடிந்ததா என்பதைப் பார்ப்பார்கள். இந்தக் குழப்பத்துக்குள் போகவே வேண்டாம். ஓனரின் கையெழுத்து வாங்கிவிட்டால் எந்தப் பெயரில் அழைத்தாலும் உங்களுக்குப் பயமில்லை. உங்கள் பழைய வாடகைப் பத்திரம் 11 மாதத்தில் முடிந்து, புதுப்பிக்காமல் ஓடிக்கொண்டிருந்தால், அதை மட்டும் ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு ஓனரிடம் போங்கள். பழைய பத்திரத்தின் நிலை ஒவ்வொரு வழக்கிலும் ஒரு மாதிரி போயிருக்கிறது, அதை நான் சொல்லக் கூடாது.

ஓனரிடம் எப்படிக் கேட்பது? அவர் முதலில் நினைப்பது "இரண்டு கடை ஓடுகிறதென்றால் வாடகையைக் கூட்டலாமே" என்பதுதான். அதனால் ராத்தாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசாதீர்கள், தனியாகப் போங்கள். "வாடகைதாரர் நான்தான், வாடகை முழுவதும் நானே வங்கிக் கணக்கில் போடுகிறேன், முன்பக்கத்தில் இன்னார் மேட்சிங் சாமான் வைத்து விற்கச் சம்மதம் வேண்டும்" என்று கேளுங்கள். சம்மதக் கடிதத்தில் அந்த நபரின் பெயர், எந்தப் பகுதி, என்ன தொழில், எந்தத் தேதி வரை என்பது இருக்க வேண்டும். ஐநூறு ரூபாய் கூட்டிக் கேட்டால் நான் கொடுத்துவிடுவேன், அந்த ஐநூறையும் மேலே சொன்ன விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம். இருவர் பெயரிலும் புதுப் பத்திரம் போடலாம் என்று அவர் சொன்னால் யோசியுங்கள். ராத்தாவுக்கு அது பாதுகாப்பு. உங்களுக்கோ, அவர் வாடகை தராத மாதம் முழு வாடகைக்கும் ஓனர் உங்களைப் பிடிக்கலாம், அதே சமயம் அவரை வெளியே அனுப்பவும் உங்களுக்கு அதிகாரம் இருக்காது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அட்வான்ஸில் பாதி முப்பதாயிரம் தருகிறேன் என்று ராத்தா சொன்னால் ஆசைப்படாதீர்கள். அந்தப் பணம் ஓனரிடம் இருக்கும் உங்கள் அறுபதாயிரத்தில் சேராது. உங்கள் கையில் வந்து, தையல் மெஷினாகவோ மகள் பள்ளி ஃபீஸாகவோ மாறிவிடும். அவர் போகும்போது ஓனர் தர மாட்டார், நீங்கள்தான் தர வேண்டும். அவருடைய பங்கில் இரண்டு மாதம், அதாவது 7,400 மட்டும் வாங்கி, ரசீது கொடுத்து, தொடாமல் வைத்திருங்கள். விலக நினைப்பவர் இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். அந்த இரண்டு மாதமும் நோன்புக்குள் விழக் கூடாது என்று எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் ஊரில் அது முக்கியம்.

இப்போது என் கதை. 2003 வாக்கில் மண்டபம் ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. முன்பக்கத்தை செல்போன் சாமான் விற்கும் நண்பருக்கு விட்டேன். போர்டு எழுதுகிறவர் "இரண்டு போர்டு எதுக்கண்ணே" என்று கேட்டார், செலவு மிச்சம் என்று ஒரே போர்டு, ஒரே பெயர், ஒரே பில் புத்தகம். இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் ஊரில் காசுப் புழக்கம் நின்றது, அவர் மதுரை சப்ளையருக்குப் பணம் கட்டவில்லை. ஒரு நாள் காலையில் கடை திறக்க வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. நாலாம் நாள் சப்ளையர் வந்து பில்லை நீட்டினார். பில்லில் இருந்தது என் கடையின் பெயர். "நான் வேறு, அவர் வேறு" என்றேன். "போர்டில் அப்படி இல்லையே" என்றார் அவர். அவர் கேட்டது தப்பில்லை. கூட்டாண்மைச் சட்டம் 1932இல் இதற்கென்றே ஒரு பிரிவு, 28, இருக்கிறது. பங்குதாரர் இல்லாவிட்டாலும், பங்குதாரர் போல உலகத்துக்குக் காட்டிக்கொண்டு, அதை நம்பி ஒருவர் கடன் கொடுத்தால், அந்தக் கடனுக்கு நீங்களும் பொறுப்பு. வழக்கு வரைக்கும் போகவில்லை. பாதித் தொகை கொடுத்து முடித்தேன், என் மனைவியின் வளையல் ஒன்று அதில் போனது.

அதனால் உங்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது போர்டு, பில், பணம் மூன்றும் தனித்தனி. உங்கள் போர்டு வேறு, அவர் போர்டு வேறு. பில் புத்தகத்தில் அவரவர் பெயர். சப்ளையரிடம் சரக்கு எடுக்கும்போது அவருடைய பெயரும் போன் நம்பரும் மட்டும். லாபத்தில் பங்கு என்ற பேச்சே வேண்டாம், மாதம் இத்தனை ரூபாய் என்று நிலையான தொகை. "விற்பனை நல்லா இருந்தா கூடக் கொஞ்சம் தர்றேன்" என்று அவர் பாசத்தில் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். விற்பனையில் பங்கு வாங்கினால் அதனாலேயே பங்குதாரர் ஆகிவிடுவதில்லை, ஆனால் லாபம் பிரித்து, போர்டும் ஒன்றாக இருந்தால், இல்லை என்று நிரூபிக்கிற வேலை உங்கள் தலையில் விழும்.

க்யூஆர் ஸ்டிக்கர் இந்தக் காலத்துச் சிக்கல். ராத்தா தொழுகைக்கோ சாப்பாட்டுக்கோ போன நேரம் யாராவது லேஸ் வாங்க வருவார்கள், "என் நம்பருக்குப் போடுங்க, நான் கொடுத்துடறேன்" என்பீர்கள். தினமும் நாலைந்து முறை இப்படிச் செய்தால் அவருடைய விற்பனை உங்கள் வரவாகத் தெரியும். ஜிஎஸ்டி பதிவுக்கு, பொருள் மட்டும் விற்பவருக்கு இங்கே வருடம் 40 லட்சம் எல்லை. தையல் சேவை என்பதால் உங்களுக்கு 20 லட்சம்தான். நீங்கள் இருவருமே அந்த எல்லைக்கு வெகு கீழே இருப்பீர்கள், அது கவலை இல்லை. ஆனால் 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது நினைவிருக்கும். அது வராவிட்டாலும் மாதக் கடைசியில் யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு நட்பைக் கெடுக்கும். அவருடைய க்யூஆரை அவர் மேசையில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். அவர் இல்லாதபோது காசாக வாங்கினால் அவருடைய டப்பாவில் போட்டு, அங்கே ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்.

யார் எதை விற்பது என்பதும் எழுதிக்கொள்ள வேண்டியது. அவர் தையல் ஆர்டர் எடுத்து வெளியே கொடுத்துத் தைத்து வாங்கக் கூடாது, நீங்கள் லைனிங் கட்டு வாங்கி வைத்து விற்கக் கூடாது. ரெடிமேட் பிளவுஸ், ரெடிமேட் பர்தா? அங்கேதான் இடிக்கும், முதலிலேயே பேசிவிடுங்கள். கூட இருக்கும் வரை இந்தக் கட்டுப்பாடு செல்லும். ஆனால் அவர் விலகிய பிறகு எதிர்க்கடையில் ஒரு டெய்லரை வைத்து நடத்தக் கூடாது என்று எழுதினால் அது நிற்காது, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் அப்படிப்பட்ட தடை செல்லாது. அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும். வாடிக்கையாளர் அளவு நோட்டும் போன் நம்பரும் உங்கள் மேசைக்குள் இருக்கட்டும்.

ராத்தா லேஸோடு நிறுத்துவாரா என்று கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் மேட்சிங்கில் லாபம் குறைவு என்று தெரிந்ததும் பலர் ரீசார்ஜ், கூல் டிரிங்ஸ் என்று போவார்கள். அப்போது வாசலில் ஆண்கள் நிற்பார்கள். உங்களிடம் அளவு கொடுக்க வருபவர்களில் பர்தா போட்டவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசலில் இரண்டு பையன்கள் நின்றால் ஒருவரும் ஏற மாட்டார்கள், ஏன் வரவில்லை என்று சொல்லவும் மாட்டார்கள். பின்பக்கத்தில் அளவெடுக்கும் இடத்துக்குத் தடித்த திரை போட்டுவிடுங்கள். கவரிங் நகை வைத்தாலும் எனக்குச் சம்மதம், ஆனால் உப்புக் காற்றில் கறுக்கும், ஜிப் கவரில் வைத்து விற்கச் சொல்லுங்கள்.

இருவரும் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பதில் ஒரு குறை உண்டு. பெருநாளுக்கு முன் இருவருக்கும் ஒன்றாகக் கூட்டம், பெருநாள் முடிந்ததும் இருவருக்கும் ஒன்றாக மந்தம். வாடகை பாதியாகிறதே தவிர மந்தக் காலத்தை அது தாங்காது. நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்வதால், அந்த மந்தம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தோடு ஒட்டி வரும் வருடங்களும் உண்டு. ஜூனில் பள்ளிச் சீருடை உங்களைத் தூக்கிவிடும், ராத்தாவுக்கு அதில் பங்கு குறைவு. அந்த மாதங்களில்தான் அவர் வாடகை தாமதமாகும். தாமதமானால் எத்தனை நாள் பொறுப்பீர்கள் என்பதைக் கூட்டம் இருக்கும்போதே பேசிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் இருந்தால் ஒரு வார்த்தை. அயர்ன் பாக்ஸும் துணியும் ஒரே அறையில். உங்கள் பாலிசி உங்கள் சரக்குக்குத்தான், ராத்தாவின் சரக்கு அதில் வராது. வாடிக்கையாளர் தைக்கக் கொடுத்த துணிகூட, தனியாகக் குறிப்பிட்டிருந்தால்தான் வரும். ஏஜெண்டிடம் இரண்டையும் கேளுங்கள்.

உடனே ஷட்டரைப் பிரித்துக் கொடுக்க வேண்டாம். ஓனர் கையெழுத்து வந்த பிறகு முதல் இரண்டு மாதம் ராத்தா ஓர் அலமாரி சாமான் மட்டும் உங்கள் கடையில் வைக்கட்டும், லைனிங்கில் அதிகம் ஓடும் பத்துப் பன்னிரண்டு கலர், ஃபால்ஸ், ஹூக், நாலு வகை லேஸ். அவர் தன் டப்பா, தன் நோட்டோடு மதியத்துக்கு மேல் வந்து உட்காரட்டும். இடத்துக்கு ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். அலமாரியில் எந்தக் கலர் தீர்ந்தது, தெருவில் இருந்து எத்தனை பேர் ஏறி வந்து கேட்டார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். தெருவில் இருந்து ஆள் ஏறவே இல்லையென்றால் அலமாரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அவருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. இதை நோன்புக்கு முந்தின இரண்டு மாதத்தில் செய்யாதீர்கள், அந்தக் கூட்டத்தில் எது வைத்தாலும் விற்கும், ஒன்றும் தெரியாது.